ஜெர்மனி பையருக்கு முக்கியமான மெயில்: எந்த நாள், எத்தனை மணிக்கு அனுப்பறது?

நூல்கண்டு (திருப்பூர்) | 7 மே 2026, வியாழன், இரவு 8:40

வணக்கமுங்க. டுசெல்டார்ஃப்ல இருக்கற பையருக்கு ஒரு மெயில் அனுப்போணும். விசயம் இதுதான்: ஒரே பி.ஓ.ல நாலு கலர் டீ-ஷர்ட், மொத்தம் 12,000 பீஸ். வெள்ளையும் கருப்பும் ரெடி. நேவிக்கும் மெரூனுக்கும் சாயப்பட்டறையில ஷேடு சரியா வராம மறுபடி ஓட்டறாங்க, ஒரு வாரம் தள்ளுது. ரெடியா இருக்கற ரெண்டு கலரை இப்பவே கப்பல்ல ஏத்தி, மீதியை அடுத்த வாரக் கப்பல்ல அனுப்பலாமான்னு அவங்க சம்மதம் வேணும்.

ஃபார்வர்டர் தூத்துக்குடி புக்கிங்கை 18 மே திங்கக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குள்ள உறுதி பண்ணச் சொல்லீட்டார். மெயில் போறது ரெண்டு பேருக்கு: பர்ச்சேஸ் மேனேஜர் அம்மா ஒருத்தர், லாஜிஸ்டிக்ஸ் பாக்கறவர் ஒருத்தர். ரெண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு நூறு மெயிலுக்குக் குறையாது.

முதலாளி, "சனிக்கிழமை சம்பளமெல்லாம் போட்டு முடிச்சிட்டு உக்காந்து நிதானமா எழுதி அனுப்பு"ங்கறார். எனக்கு அடுத்த புதன்கிழமை அனுப்பினா சரியா இருக்கும்னு தோணுது, அதுக்குள்ள சாயப்பட்டறையில இருந்து உறுதியான தேதியும் கெடச்சிரும். எது சரிங்க?

---

சாயக்கிணறு (அவினாசி) | 7 மே, இரவு 9:15

இதுல யோசிக்க என்னங்க இருக்குது? செவ்வாய்க்கிழமை, அவங்க நேரம் காலைல 10 மணி. நெட்ல எந்தக் கட்டுரையை எடுத்தாலும் இதைத்தான் போட்டிருக்கான். திங்கள் மெயில் குவிஞ்சு கெடக்கும், வெள்ளி யாரும் படிக்க மாட்டாங்க. செவ்வாய் பத்து மணின்னு கண்ணை மூடீட்டு அனுப்புங்க.

---

அமராவதி (கரூர்) | 7 மே, இரவு 10:05

சாயக்கிணறு தம்பி சொல்ற அந்தச் செவ்வாய் பத்து மணி எங்கிருந்து வருதுன்னு பாத்துக்கோங்க. ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்துல போற விளம்பர மெயிலை எத்தனை பேர் திறந்தாங்கன்னு எண்ணினதுல இருந்து வர்றது. திறந்ததைக் கண்டுபிடிக்கறது மெயிலுக்குள்ள இருக்கற ஒரு குட்டிப் படத்தை வெச்சு. 2021-ல ஆப்பிள் கம்பெனி தன்னோட மெயில் ஆப்ல ஒரு வசதி கொண்டாந்துச்சு. அதைப் போட்டிருந்தா, ஆளு படிக்கறாரோ இல்லையோ, அந்தப் படத்தை ஆப்பே முன்னாடி இறக்கி வெச்சிரும். அதுக்கப்புறம் "திறந்த நேரம்"ங்கற கணக்கே பாதி பொய். அது போக, விளம்பர மெயிலைத் திறக்கறது வேற. பேர் தெரிஞ்ச சப்ளையர் அனுப்பற மெயிலுக்கு நாலு பேர்கிட்டக் கேட்டு முடிவு சொல்றது வேற.

செவ்வாயே தப்புன்னு சொல்லலை. இந்த வாரத்துக்கு அது எப்படிப் பொருந்துதுன்னு பாக்கோணும். அதுக்கு முன்னாடி காலண்டரை எடுங்க.

14 மே வியாழக்கிழமை ஜெர்மனி முழுக்க லீவு, இயேசு விண்ணேற்ற நாள். ஈஸ்டர் முடிஞ்சு 39-வது நாள் வர்றதால எந்த வருசமும் வியாழக்கிழமையிலதான் விழும். அதனால 15 வெள்ளிக்கிழமையும் பாதி ஆபீஸ் லீவு போட்டு நாலு நாளாச் சேத்துக்கும். அப்புறம் சனி, ஞாயிறு. 18 திங்கள் காலைல அவங்க திரும்பி வர்றாங்க. உங்க ஃபார்வர்டர் கெடு சாயங்காலம் 5 மணி, அது டுசெல்டார்ஃப்ல மத்தியானம் 1:30. நாலு நாள் மெயில் குவிஞ்சிருக்கற ஒருத்தர் அன்னைக்கு ஒன்பது மணிக்கு வந்து உக்காந்து, உங்க மெயிலைத் தேடி எடுத்து, லாஜிஸ்டிக்ஸ்காரர்கிட்டக் கேட்டு, ஒன்றரைக்குள்ள பதில் போடுவாருன்னு நம்பி கப்பல் புக் பண்ண முடியாது.

அதனால உங்க உண்மையான கெடு 18 இல்லை. 13 புதன்கிழமை, அதுவும் மத்தியானம் வரைக்கும்தான். லீவுக்கு முந்தின நாள் மூணு மணிக்கெல்லாம் ஆள் கிளம்பீருவாங்க. அங்கிருந்து பின்னாடி எண்ணுங்க. நீங்க நெனச்ச புதன்கிழமை கடைசி நாள். முதலாளி சொல்ற சனிக்கிழமை சாயங்காலம் அனுப்பினா, திங்கள் காலைல அந்தம்மா பொட்டியைத் திறக்கறப்ப ரெண்டு நாள் மெயிலுக்கு அடியில கெடக்கும்.

---

நூல்கண்டு | 7 மே, இரவு 10:30

ஐயோ, 14 லீவுன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க அக்கா. அப்ப திங்கள் 11 இல்ல செவ்வாய் 12. ரெண்டுல எது?

---

அமராவதி | 7 மே, இரவு 10:50

திங்கள். ஆனா காலைல முதல் வேலையா இல்லை, அவங்க நேரம் பத்து, பத்தேகாலுக்கு.

திங்கள்னு சொல்றதுக்கு ஒரே காரணம், லீவுல இருக்கறவங்களோட தானியங்கி பதில். அந்த வாரம் முழுக்கவே ஒருத்தர் லீவு போட்டிருக்கலாம். நாலு நாள் எழுதிக் குடுத்தா ஒம்பது நாள் கெடைக்கும், எவன் விடுவான்? நீங்க திங்கள் அனுப்பினா, "இந்தத் தேதி வரைக்கும் இல்லை, அவசரம்னா இன்னாரைப் பாருங்க"ன்னு அடுத்த நிமிசம் வந்திரும். அந்த இன்னாருக்கு எழுத உங்களுக்கு ரெண்டு முழு நாள் இருக்கும். செவ்வாய் அனுப்பினா ஒரு நாள். புதன் அனுப்பினா அந்த இன்னாரே கிளம்பிக்கிட்டிருப்பார்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்குது. அவுட்லுக், எக்ஸ்சேஞ்ச் வெச்சிருக்கற கம்பெனிகள்ல ஒரு லீவுக்கு ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் இந்தப் பதில் போகும். போன வாரமே ஒரு சின்ன விசயத்துக்கு மெயில் போட்டு அப்பவே "லீவு"ன்னு வந்திருந்தா, இப்ப அனுப்பற பெரிய மெயிலுக்கு ஒண்ணும் வராது. நீங்க ஆள் இருக்கறாருன்னு நெனச்சுக்குவீங்க. அதனால இன்பாக்ஸ்ல பழைய தானியங்கி பதில் ஏதாவது கெடக்குதான்னு தேடிப் பாத்துக்கோங்க. வெளி ஆளுகளுக்குப் போகாத மாதிரி அமைச்சு வெச்சிருக்கற கம்பெனியும் உண்டு. அதனால ஒண்ணும் வரலைங்கறதை வெச்சு ஆள் சீட்டுல இருக்கறாருன்னு முடிவு கட்டாதீங்க.

---

பெருந்துறைக்காரன் | 8 மே, வெள்ளி, காலை 7:20

அக்கா சொல்ற நாள் சரி, மணியில எனக்கு வேற கருத்துங்க. அவங்க ஆபீசுக்கு வர்றதுக்கு முன்னாடியே, எட்டு மணிக்கே போய் மேல உக்காந்திருக்கோணும். டீ குடிச்சுக்கிட்டே முதல்ல பாக்கறது அதுவாத்தான் இருக்கும். மே மாசத்துல நமக்கும் அவங்களுக்கும் மூன்றரை மணி நேரம், அப்ப நம்ம நேரம் 11:30.

இன்னொண்ணு, எங்க ஆபீஸ்ல ஜெர்மனிக்குன்னா 12:30 மணின்னு ஒரு பழக்கம் இருக்குது. யாரோ ஒரு மெர்ச்சண்டைசர் டிசம்பர்ல எழுதி ஒட்டி வெச்சது. குளிர்காலத்துல வித்தியாசம் நாலரை மணி, அப்ப 12:30-ன்னா அங்க காலை 8. மார்ச் கடைசி ஞாயிறு அவங்க கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளினதும் அதே 12:30 அங்க 9 ஆயிருது. அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்பவும் மாறும். ஒட்டின பேப்பர் மட்டும் மாறவே மாறாது.

---

அமராவதி | 8 மே, காலை 9:10

எட்டு மணிக்கு மேல உக்காந்திருக்கோணும்ங்கறது ஒரே வரியில "ஓகே" வாங்கற மெயிலுக்குச் சரிங்க. லேப் டிப் அப்ரூவல் மாதிரி. இது அப்படி இல்லை. இதுக்கு அந்தம்மா லாஜிஸ்டிக்ஸைக் கேக்கோணும், கடைகளுக்குச் சரக்குப் பிரிக்கறவங்களைக் கேக்கோணும். எட்டு மணிக்கு மொபைல்லயோ அவசரத்துலயோ பாத்தா "அப்புறம் பாக்கலாம்"னு தள்ளிருவாங்க. படிச்சதாப் பதிவான மெயில் தடிச்ச எழுத்து போயிட்டா மறுபடி கண்ணுல படறது குறைவு. திங்கக்கிழமை எட்டுல இருந்து பத்து வரைக்கும் அவங்க வார இறுதிக் குப்பையைத் தள்ளறாங்க, அந்த ஓட்டத்துல உங்களையும் சேத்துத் தள்ள விடாதீங்க. பத்து மணிக்கு மேல வந்தா, சுத்தமான பொட்டியில புதுசா ஒண்ணு.

ஆனா இது பொதுப்பேச்சு. அந்தம்மாவுக்குன்னு ஒரு பழக்கம் இருக்கும், அதை உங்ககிட்ட இருக்கற மெயிலை வெச்சே கண்டுபிடிக்கலாம். கடைசியா அவங்க அனுப்பின இருபது பதிலை எடுங்க. ஒரு வரிப் பதிலை விட்டுத் தள்ளுங்க. நீளமா, யோசிச்சு எழுதின பதில் எந்த நாள், எத்தனை மணிக்கு வந்ததுன்னு மட்டும் குறிங்க. ரெண்டு மூணு மணி நேரத்துல கூட்டமா விழும். அந்தக் கூட்டம் தொடங்கறதுக்கு அரை மணி முன்னாடி உங்க மெயில் போய்ச் சேரோணும்.

---

சாயக்கிணறு | 8 மே, காலை 9:40

அதுக்கு மெயில் ஹெட்டர்ல Date வரியைப் பாத்தாப் போதுமே. அவங்க ஊர் நேரம் அதுலயே இருக்கும், கணக்குப் போட வேண்டியதில்லை.

---

பீளமேடு சர்வர் (கோவை) | 8 மே, காலை 10:25

பாதி சரிங்க. அனுப்பற புரோகிராமைப் பொறுத்தது. மைக்ரோசாஃப்ட் 365-ல இருந்து வர்ற மெயில்ல பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

```
Date: Wed, 6 May 2026 06:52:18 +0000
```

+0000-ன்னா அது கிரீன்விச் நேரம், ஆள் எந்த ஊர்ல இருக்கறார்னு அது சொல்லாது. டுசெல்டார்ஃப்க்கு ரெண்டு மணி கூட்டினா 8:52, நமக்கு 12:22. சாயக்கிணறு அதை அப்படியே படிச்சா "அந்தம்மா காலைல ஆறே முக்காலுக்கே ஆபீசுல இருக்கறாங்க"ன்னு தப்பா நெனச்சுக்குவார்.

ஆள் இருக்கற ஊரைக் கண்டுபிடிக்க இதை விட நல்ல எடம் ஒண்ணு இருக்குது. அவங்க பதில் போடறப்ப, கீழ நம்ம பழைய மெயிலை அவுட்லுக் ஒட்டிக்கிட்டு வரும். அதுல நம்ம மெயில் அனுப்பின நேரம் *அவங்க* கம்ப்யூட்டர் கடிகாரப்படி இருக்கும். நாம 5 மே மத்தியானம் 12:40-க்கு அனுப்பினோம்னு வெச்சுக்கோங்க:

```
Gesendet: Dienstag, 5. Mai 2026 09:10
```

மூன்றரை மணி வித்தியாசம், ஆள் ஜெர்மனியில. அதே எடத்துல 13:10-ன்னு இருந்தா டாக்கா, 15:10-ன்னா ஹாங்காங். பர்ச்சேஸ்காரங்க வருசத்துல பல வாரம் ஃபேக்டரி சுத்தறவங்க. டுசெல்டார்ஃப்னு கணக்குப் போட்டு நாம மத்தியானம் அனுப்பறோம், அவங்க ஹாங்காங்ல வேலை முடிச்சு ஓட்டலுக்குப் போற நேரமா இருக்கும். லேப்டாப்ல நேரத்தை மாத்தாம ஊர் சுத்தறவங்களும் இருக்காங்க, அதனால இதை நூத்துக்கு நூறு நம்ப வேண்டாம். மொபைல்ல இருந்து போடற பதில்ல இந்த வரி வேற மாதிரி வரும்.

---

முட்டைக்கோழி (நாமக்கல்) | 8 மே, காலை 11:00

நடுவுல பூந்து கேக்கறேன், மன்னிச்சுக்கோங்க. நாங்க மஸ்கட்டுக்கு முட்டை அனுப்பறோம். விலை மாத்தற மெயிலை வெள்ளிக்கிழமை காலைல அனுப்பினா திங்கள் வரைக்கும் பதிலே இல்லை. சும்மா இழுக்கறாங்களா, இல்ல நேரம்தான் தப்பா?

---

அமராவதி | 8 மே, காலை 11:20

ஓமன்ல வாரலீவு வெள்ளியும் சனியுமுங்க. நீங்க அனுப்பறது அவங்க லீவு தொடங்கற காலைல. ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு வாரத்தோட முதல் நாள், நம்ம திங்கக்கிழமை மாதிரி குவிஞ்சிருக்கும். அதனால திங்கள் பதில் வர்றது நியாயம்தான். விலை மெயிலைத் திங்கள் இல்ல செவ்வாய், நம்ம நேரம் பத்தரைக்கு அனுப்புங்க, மஸ்கட்ல 9 மணி. வருசம் முழுக்க ஒன்றரை மணிதான் வித்தியாசம், அங்க கடிகாரம் மாத்தற வேலை இல்லை.

இதையே துபாய்க்கு அப்படியே போட்டுராதீங்க. அமீரகத்துல 2022 ஜனவரியில இருந்து சனி, ஞாயிறு லீவு, வெள்ளி அரசு ஆபீஸ் அரை நாள். ரம்ஜான் மாசத்துல ரெண்டு பக்கமும் வேலை நேரம் குறையும், அப்ப மத்தியானத்துக்கு மேல முக்கியமானது எதுவும் அனுப்பாதீங்க.

---

கிரே மார்க்கெட் (சோமனூர்) | 8 மே, காலை 11:45

நல்ல இழை. எங்ககிட்ட யூரோப் பையர் 2,000 பேர் மெயில் லிஸ்ட் இருக்குது. எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல காலைல போற மாதிரி எந்த சாஃப்ட்வேர் நல்லாருக்கும்?

---

பீளமேடு சர்வர் | 8 மே, பகல் 12:05

அது வேற சமாச்சாரமுங்க, தனி இழை போடுங்க. இங்க பேசறது தெரிஞ்ச ரெண்டு பேருக்குப் போற ஒரே மெயில். ஒண்ணு மட்டும் சொல்றேன்: அந்த 2,000-த்தை உங்க ஆர்டர் மெயில் போற அதே டொமைன்ல இருந்து அனுப்பாதீங்க. அப்புறம் உங்க நல்ல மெயிலும் ஸ்பேம்ல போய் விழும், எந்த நேரத்துல அனுப்பினாலும்.

---

சாயக்கிணறு | 8 மே, பகல் 12:30

சரி, நாளும் நேரமும் முடிவாச்சு. அவுட்லுக்ல இப்பவே எழுதி Delay Delivery போட்டு வெச்சிட்டு நிம்மதியா இருங்க. திங்கள் தானாப் போயிரும்.

---

பீளமேடு சர்வர் | 8 மே, மத்தியானம் 1:10

இதுலதான் திருப்பூர்ல பாதிப் பேர் மாட்டறாங்க. நூல்கண்டு, உங்க கம்பெனி மெயில் எப்படி ஓடுது? கூகுள்லயா, 365-லயா, இல்ல ஹோஸ்டிங்காரன் குடுத்த ஐ.டி.யை அவுட்லுக்ல POP-ஆப் போட்டிருக்கறீங்களா?

POP-ன்னா, நேரம் குறிச்ச மெயில் எந்த சர்வருக்கும் போறதில்லை. உங்க கம்ப்யூட்டர்ல Outbox-லயே உக்காந்திருக்கும். குறிச்ச நேரத்துல அந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டிருக்கோணும், அவுட்லுக் திறந்திருக்கோணும், நெட் இருக்கோணும். கரண்ட் போய் யு.பி.எஸ். இழுத்துப் பிடிக்காம நின்னுச்சுன்னா, மறுபடி யாராவது திறக்கற நேரத்துலதான் போகும். அமெரிக்காவுக்கு ராத்திரி 7 மணிக்குன்னு குறிச்சு வெச்சிட்டுப் பொட்டியை அணைச்சிட்டுப் போனா, மறுநாள் காலைல ஆபீஸ் பையன் ஆன் பண்ணறப்ப 9:30-க்குப் போகும். அது நியூயார்க்ல நடுராத்திரி.

இன்னொரு கோளாறு. Outbox-ல கெடக்கற அந்த மெயிலை "சரியா இருக்குதா"ன்னு ரெட்டைக் கிளிக் பண்ணித் திறந்து பாத்திட்டு, மறுபடி Send அமுக்காம மூடினீங்கன்னா, அது போகவே போகாது. Outbox-லயே இருக்கும். பாக்கறப்ப ஒரு அடையாளம் உண்டு: போகக் காத்திருக்கற மெயில் சாய்ந்த எழுத்துல தெரியும், நின்னு போனது நேர் எழுத்துல தெரியும்.

ஜிமெயில்ல Schedule send போட்டா கூகுள் சர்வரே அனுப்பிரும், கம்ப்யூட்டர் அணைஞ்சிருந்தாலும் பரவாயில்லை. புது அவுட்லுக்ல, பிரவுசர்ல திறக்கற அவுட்லுக்லயும் அப்படித்தான். நேரம் குறிக்கறப்ப அது நம்ம ஊர் நேரம்ங்கறதை மறந்திராதீங்க. 10:15-ன்னு போட்டா இங்க 10:15, அங்க காலை ஆறே முக்கால்.

சந்தேகம்னா ஒரு நாள் முன்னாடி உங்க சொந்த ஜிமெயிலுக்கு ஒரு சோதனை மெயில் இதே மாதிரி குறிச்சு அனுப்பிப் பாருங்க. வந்ததும் Show original திறந்து, மேல இருக்கற Received வரியோட நேரத்தை நம்ம ஊர் நேரத்துக்கு மாத்தி, நீங்க குறிச்ச நேரத்தோட ஒப்பிடுங்க. வித்தியாசம் நிமிசக் கணக்குல இருந்தா சரி. மணிக்கணக்குல இருந்தா உங்க பக்கம் எங்கியோ நிக்குது.

---

நூல்கண்டு | 8 மே, மத்தியானம் 2:20

POP தானுங்க. இப்பத்தான் Outbox பாத்தேன், மார்ச் மாசத்து மெயில் ஒண்ணு நேர் எழுத்துல கெடக்குது!

அப்ப திங்கள் நானே கையில அனுப்பறேன். நீளமான பதிலைக் குறிச்சும் பாத்தேன்: அந்தம்மா பெரும்பாலும் அவங்க நேரம் 10:45-ல இருந்து 12:30-க்குள்ளதான் எழுதியிருக்காங்க. கடைசிப் பதில்ல நம்ம மெயில் நேரம் மூன்றரை மணி குறைவாத்தான் காட்டுது, ஊர்லதான் இருக்கறாங்க. அப்ப 10:15, நம்ம நேரம் 1:45. சாப்பாட்டு நேரம்.

---

அமராவதி | 8 மே, மத்தியானம் 2:45

அதைத்தான் சொல்ல வந்தேன் அம்மணி. அனுப்பற நேரத்தை விட அடுத்த ஒன்றரை மணி நேரம் முக்கியம். அந்தம்மா 10:50-க்குத் திறந்து, "நேவி எத்தனை பீஸ், ரெண்டாவது கப்பல் எந்தத் தேதி"ன்னு ஒரு வரி கேப்பாங்க. அப்ப நமக்கு மணி 2:20. பத்து நிமிசத்துல பதில் போச்சுன்னா அன்னைக்கே முடிவு. நீங்க சாப்பிட்டு வந்து, ஃப்ளோருக்குப் போய், சாயங்காலம் 6 மணிக்குப் பாத்தா அங்க 2:30, அவங்க மீட்டிங்ல இருப்பாங்க. ஒரு நாள் போச்சு. இருக்கறது ரெண்டரை நாள். ஒரு மணிக்கே சாப்பிட்டிருங்க. பீஸ் கணக்கு, சாயப்பட்டறை தேதி, ஃபார்வர்டரோட ரெண்டு கப்பல் விவரம் எல்லாம் கைக்கெட்ற தூரத்துல வெச்சுக்கோங்க.

மெயில்ல கெடுவை அவங்க நேரத்துல, அவங்க லீவை மனசுல வெச்சு எழுதுங்க. "18 மே" போட்டா "திங்கள் வந்து பாத்துக்கலாம்"னு மூடிருவாங்க. "13 மே புதன், உங்கள் நேரம் பகல் 12 மணிக்குள்" அப்படின்னு போடுங்க. உங்களுக்கு உண்மையான கெடு 18-தான்னு மறைக்க வேண்டாம், "18 மத்தியானம் 1:30-க்குப் புக்கிங் மூடுது, நடுவுல உங்க லீவு வர்றதால புதன்கிழமை கேக்கறோம்"னு காரணத்தையும் ஒரு வரி சேத்திருங்க. காரணம் தெரிஞ்ச கெடுவை மதிப்பாங்க.

சாயப்பட்டறை தேதி உறுதியாகட்டும்னு புதன் வரைக்கும் காத்திருக்கறதும் வேண்டாம். ரெடியா இருக்கற ரெண்டு கலருக்கு அந்தத் தேதி தேவையே இல்லை. அதுக்கு மட்டும் திங்களே சம்மதம் வாங்கிருங்க. நேவி, மெரூன் தேதியை உறுதியானதும் அதே மெயில் தொடர்ல போடலாம்.

---

பெருந்துறைக்காரன் | 8 மே, மாலை 4:30

நான் இன்னும் ஒத்துக்கலைங்க அக்கா. லாஜிஸ்டிக்ஸ்காரர் எட்டு மணிக்கே வர்ற ஆளு. அவருக்கு 10:15-க்குப் போனா, அவர் அன்னைக்குக் கன்டெய்னர் வேலையெல்லாம் முடிவு பண்ணியிருப்பார். ரெண்டு பேருக்கும் ஒரே நேரம் எப்படிப் பொருந்தும்?

---

அமராவதி | 8 மே, மாலை 5:05

பொருந்தாது. முடிவு எடுக்கற ஆள் யாரோ அவங்க நேரத்துக்குத்தான் அனுப்போணும். மத்தவர் அந்தம்மா கேட்டாத்தான் வேலையைத் தொடுவார். அவர்தான் முடிவு எடுக்கறவர்னா நீங்க சொல்றதுதான் சரி. நூல்கண்டுக்குத்தான் தெரியும்.

---

டாலர் சிட்டி (திருப்பூர்) | 8 மே, இரவு 7:00

அமெரிக்கா பையர் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வரி. அவங்க கடிகாரம் மாத்தறது ஐரோப்பா மாத்தற அன்னைக்கு இல்லை. இந்த வருசம் அவங்க மார்ச் 8-ல மாத்தினாங்க, ஐரோப்பா மார்ச் 29-ல. நடுவுல மூணு வாரம் நியூயார்க்குக்கு ஒன்பதரை மணி, ஜெர்மனிக்கு இன்னும் நாலரை மணி. திரும்ப வர்றப்பவும் அப்படித்தான்: ஐரோப்பா அக்டோபர் 25, அமெரிக்கா நவம்பர் 1. ஒரே மெயில்ல ரெண்டு பக்கத்துக்கும் காப்பி போடறவங்க அந்த வாரங்கள்ல மறுபடி கணக்குப் போடோணும்.

இப்ப நியூயார்க் காலை 8:30-ன்னா நமக்குச் சாயங்காலம் 6. ஆபீஸ் பூட்டறதுக்கு முன்னாடி கையாலயே அனுப்பலாம், ரெண்டு மணி நேரம் ஒருத்தர் உக்காந்திருந்தாப் போதும். கலிஃபோர்னியான்னா ராத்திரி 9 ஆயிரும்.

---

வள்ளுவர் காலனி (கரூர்) | 9 மே, சனி, காலை 8:15

எல்லாம் சரி, ஃபோன் போட்டு "மெயில் அனுப்பியிருக்கறேன், பாருங்க"ன்னு சொன்னா இவ்வளவு கணக்கு எதுக்குங்க? வாட்ஸப்லயும் ஒண்ணு தட்டி விட்டரலாமே.

---

அமராவதி | 9 மே, காலை 9:00

சில பையர் ஒத்துக்குவாங்க, சில பேர் முகம் சுளிப்பாங்க. ஜெர்மனியில வேலை விசயத்துக்குச் சொந்த நம்பர்ல வாட்ஸப் பண்றது பல கம்பெனியில பிடிக்காத காரியம். ஆபீஸ் நம்பருக்கு ஃபோன்னா தப்பில்லை, ஆனா மெயில் போன உடனே வேண்டாம். செவ்வாய் அவங்க நேரம் 11 மணி வரைக்கும் ஒண்ணுமே வரலைன்னா அப்பக் கூப்பிடுங்க.

கரூர்க்காரங்க இன்னொண்ணு பாத்துக்கோங்க. ஜனவரியில ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சி பொங்கலை ஒட்டியே வருது. வீட்டு ஜவுளி பையர் அத்தனை பேரும் அந்த வாரம் ஃப்ராங்க்ஃபர்ட் ஸ்டால்ல நிப்பாங்க, மெயில் படிக்கறது ராத்திரி ஓட்டல்ல. நாம இங்க லீவு. ரெண்டு பக்கமும் ஆள் இல்லாத வாரத்துல விலை மெயில் போட்டு "ஏன் பதில் வரலை"ன்னு கேக்கறதுல அர்த்தமில்லை.

---

நூல்கண்டு | 13 மே, புதன், மாலை 6:10

நெலவரம் சொல்லீர்றேன். திங்கள் 1:45-க்கு அனுப்பினேன். லாஜிஸ்டிக்ஸ்காரர்கிட்ட இருந்து ஒரு நிமிசத்துல தானியங்கி பதில், 18 வரைக்கும் லீவு, அவசரத்துக்கு வேற ஒருத்தர் பேர் குடுத்திருந்தாங்க. அந்த ஆளுக்கு 2:05-க்கு அதே மெயிலை அனுப்பினேன். அந்தம்மா 2:35-க்கு, "ரெண்டாவது சரக்குக்குத் தனிப் பேக்கிங் லிஸ்ட் வருமா, கூடுதல் செலவு யாரு ஏத்துக்கறது"ன்னு கேட்டாங்க. கையோட பதில் போட்டேன். செவ்வாய் மத்தியானம் வெள்ளை, கருப்புக்கு எழுத்துல சம்மதம் வந்திருச்சு, புக்கிங் போட்டாச்சு.

நேவி, மெரூனுக்கு இன்னும் முடிவு சொல்லலைங்க. சாயப்பட்டறை தேதி இன்னைக்குத்தான் உறுதியாச்சு. இப்ப மணி 6:10, அங்க 2:40. இப்பவே அனுப்பறதா, 18 திங்களா, 19 செவ்வாயா?

---

பெருந்துறைக்காரன் | 13 மே, மாலை 6:25

இப்பவே அனுப்பிருங்க. ரெண்டு வரிதானே, கிளம்பறதுக்கு முன்னாடி பாத்துட்டா லாபம்.

---

அமராவதி | 13 மே, மாலை 6:40

நான்னா 19 செவ்வாய், அதே 1:45. கிளம்பற அவசரத்துல "நோ"ன்னு ஒரு வரி வந்தா அப்புறம் மாத்தறது கஷ்டம். ஆனா ரெண்டாவது கப்பல் கட்-ஆஃப் எப்பன்னு நீங்க சொல்லலை. 22 வெள்ளிக்குள்ளன்னா 18-ஏ அனுப்பிருங்க, ஏன்னா 25 திங்கள் மறுபடி ஜெர்மனி முழுக்க லீவு. டுசெல்டார்ஃப் இருக்கற மாநிலத்துல ஜூன் 4 வியாழனும் லீவு, ஹாம்பர்க்ல, பெர்லின்ல இல்லை. கட்-ஆஃப் தேதி என்னங்க?